இரவு ரிட்டர்ன், பகல் ரிட்டர்ன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாள் ரிட்டர்னை இரவு, பகல் என்று எப்படிப் பிரிப்பது?

நேற்றைய முடிவு விலையிலிருந்து இன்றைய தொடக்க விலை வரை உள்ள மாற்றம் இரவுப் பகுதி. இன்றைய தொடக்கத்திலிருந்து இன்றைய முடிவு வரை உள்ளது பகல் பகுதி. ஒரு பங்கு நேற்று 500 ரூபாயில் முடிந்து, இன்று 506-ல் திறந்து, 503-ல் முடிந்தால் இரவு +1.2%, பகல் −0.59%. இரண்டையும் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும்: 1.012 × 0.9941 = 1.006. அதாவது மொத்தம் +0.6%. கூட்டித்தான் பார்க்க வேண்டும் என்றால் லாக் ரிட்டர்ன் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரையும் இந்தக் கணக்கில் ஒரே ‘இரவு’தான். பண்டிகை விடுமுறையும் அப்படியே.

உண்மையான சந்தையில் ஓர் உதாரணம் காட்ட முடியுமா?

2024 நாடாளுமன்றத் தேர்தலின் இரண்டு நாட்கள் போதும். மே 31 வெள்ளியன்று நிஃப்டி 22,530.70-ல் முடிந்தது. சனிக்கிழமை மாலை எக்சிட் போல் வந்தது. ஜூன் 3 திங்கள் காலை 23,337.90-ல் திறந்து 23,263.90-ல் முடிந்தது. அன்றைய ஏற்றம் 3.25%. அதைப் பிரித்தால் இரவு +3.58%, பகல் −0.32%. செய்தி வந்தபோது சந்தை மூடியிருந்தது, அதனால் மொத்த ஏற்றமும் இரவுக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. திங்கள் காலை 9:15-க்கு உற்சாகமாக வாங்கியவருக்கு அன்று நஷ்டம்தான்.

மறுநாள் ஜூன் 4. வாக்கு எண்ணிக்கை சந்தை நேரத்திலேயே நடந்தது. நிஃப்டி 23,179.50-ல் திறந்து 21,884.50-ல் முடிந்தது. இரவு −0.36%, பகல் −5.59%. இரவு மட்டும் வைத்திருக்கும் உத்தியைப் பின்பற்றியவர் திங்கள் ஏற்றத்தை முழுசாக வாங்கிக்கொண்டு, செவ்வாய் சரிவில் மூன்றில் ஒரு பங்கு சதவீதத்துக்குச் சற்று மேல் மட்டும் கொடுத்திருப்பார்.

பார்க்க அருமையாக இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை ஞாயிற்றுக்கிழமை நடந்திருந்தால் கதை தலைகீழ். செய்தி எந்த நேரத்தில் விழுகிறது என்பதுதான் இங்கே பாதிக் கதை. இப்படிப்பட்ட நாலைந்து நாட்கள், பழைய விலைத் தரவில் நீங்கள் செய்யும் பேக்டெஸ்ட் பரிசோதனை முழுவதையும் தூக்கி நிறுத்திவிடலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

“சந்தை லாபமெல்லாம் ராத்திரியில்தான் வருது” என்கிறார்களே, உண்மையா?

அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 இ.டி.எஃப். ஆன SPY-க்கு நீண்ட காலம் உண்மை. 1993 ஜனவரியில் அது பட்டியலிடப்பட்டதிலிருந்து 2010களின் இறுதி வரை பார்த்தால், ஏற்றம் கிட்டத்தட்ட முழுவதும் இரவில் வந்தது. பகலில் மட்டும் வைத்திருந்தவர் ஏறக்குறைய போட்ட இடத்திலேயே நின்றார். 2008-லேயே கிளிஃப், கூப்பர், குலென் ஆகிய மூவர் இதைக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள்.

காரணம் ஒன்றல்ல. சந்தை மூடியிருக்கும்போது கெட்ட செய்தி வந்தால் வெளியேற வழி கிடையாது, அந்த ரிஸ்க்கைச் சுமப்பவருக்குக் கூலி கிடைக்கிறது என்பது ஒரு விளக்கம். முந்தைய நாள் பரபரப்பாகப் பேசப்பட்ட பங்கைச் சில்லறை முதலீட்டாளர்கள் காலையில் திறந்ததும் வாங்கப் போட்டி போடுவதால் தொடக்க விலை ஊதி, பிறகு பகலில் வடிகிறது என்பது இன்னொன்று. தனிப் பங்குகளில் இரண்டாவது விளக்கம்தான் எனக்கு அதிகம் ஒத்துப்போகிறது.

யாஹூ தரவில் கணக்குப் போட்டேன், இரவு ரிட்டர்ன் நம்பவே முடியாத அளவுக்கு வருகிறது. எங்கே தப்பு?

பெரும்பாலும் டிவிடெண்டில். `Adj Close` என்ற பத்தி டிவிடெண்டுக்காகக் கீழே சரிசெய்யப்பட்டது. பக்கத்திலேயே இருக்கும் `Open` அப்படிச் சரிசெய்யப்படவில்லை. நேற்றைய `Adj Close`-ஐ இன்றைய `Open`-உடன் ஒப்பிட்டால் ஒவ்வொரு இரவும் இல்லாத லாபம் ஒட்டிக்கொள்ளும். பத்து, இருபது ஆண்டுகளுக்குக் கூட்டுவட்டி போல் பெருக்கினால் கோடு வானத்தைத் தொடும்.

மாறாக, சரிசெய்யாத விலைகளை மட்டும் எடுத்தால் தப்பு எதிர்ப்பக்கம் போகும். டிவிடெண்ட் உரிமை இல்லாமல் பங்கு வர்த்தகமாகத் தொடங்கும் எக்ஸ்-டேட் அன்று வரும் சரிவு முழுவதும் இரவில்தான் விழுகிறது. நேற்று 500-ல் முடிந்த பங்கு 10 ரூபாய் டிவிடெண்ட் கழித்து இன்று 492-ல் திறந்தால், வெறும் விலையில் −1.6%. டிவிடெண்டைச் சேர்த்தால் உண்மையில் +0.4%.

சுலபமான வழி: பகலைச் சரிசெய்யாத விலையில் எடுங்கள், மொத்தத்தைச் சரிசெய்த விலையில் எடுங்கள், மிச்சம் இருப்பது இரவு.

```python
import yfinance as yf
df = yf.Ticker("SPY").history(period="max", auto_adjust=False)
df["day"]   = df["Close"] / df["Open"] - 1
df["total"] = df["Adj Close"].pct_change()
df["night"] = (1 + df["total"]) / (1 + df["day"]) - 1
```

`auto_adjust=False` என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் `Adj Close` பத்தியே வராது.

இண்டெக்ஸின் தொடக்க விலையை நம்பலாமா?

பழைய தரவில் கூடாது. பல பங்குகள் இன்னும் வர்த்தகம் ஆகாத முதல் நொடியில் கணக்கிடும் இண்டெக்ஸில் அவற்றின் நேற்றைய விலையே நிற்கும். அதனால் எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸான `^GSPC`-இன் பழைய ஆண்டுகளில் `Open` பல நாட்களில் முந்தைய நாள் `Close`-ஐ அப்படியே ஒட்டி நிற்கிறது. இரவு ரிட்டர்ன் பூச்சியம், எல்லா ஏற்றமும் பகல் என்று தவறாக வரும். `Open`-உம் நேற்றைய `Close`-உம் ஒன்றாக இருக்கும் நாட்களை ஆண்டுவாரியாக எண்ணிப் பாருங்கள். எந்த ஆண்டிலிருந்து தரவு உயிரோடு இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

நிஃப்டிக்கு 2010 அக்டோபரில், சந்தை திறக்கும் முன் தொடக்க விலையை முடிவுசெய்யும் ப்ரீ-ஓப்பன் ஏலம் வந்தது. அதற்குப் பிந்தைய தரவில் மட்டும் வேலை செய்யுங்கள்.

என்.எஸ்.இ. பங்குகளில் இந்தப் பிரிப்பைச் செய்யும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

முடிவு விலை. இந்தியத் தரவை எடுத்துப் பரிசோதிப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். என்.எஸ்.இ.யில் ‘க்ளோஸ்’ என்பது 3:30 மணிக்கு நடந்த கடைசி வர்த்தகத்தின் விலை இல்லை. 3:00 முதல் 3:30 வரை நடந்த வர்த்தகங்களின் வால்யூம் எடைச் சராசரி. என்.எஸ்.இ. தினமும் வெளியிடும் விலைக் கோப்பான பவ்காப்பியைத் திறந்தால் இரண்டும் தனித்தனியாக இருக்கும்: `ClsPric` என்பது சராசரி, `LastPric` என்பது கடைசி வர்த்தகம். பழைய வடிவத்தில் `CLOSE`, `LAST`.

இது ஏன் முக்கியம்? ஒரு பங்கு கடைசி அரை மணியில் 500-லிருந்து 506-க்குச் சீராக ஏறியது என்று வைத்துக்கொள்வோம். க்ளோஸ் சுமார் 503, கடைசி விலை 506. மறுநாள் 506-லேயே திறக்கிறது. உண்மையில் இரவில் ஒரு பைசாகூட நகரவில்லை. ஆனால் க்ளோஸை வைத்துக் கணக்குப் போட்டால் இரவு ரிட்டர்ன் +0.6%.

எல்லாப் பங்குகளையும் எல்லா நாட்களுக்கும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இந்தப் பிழை ஓரளவு ரத்தாகும், ஏனென்றால் கடைசி அரை மணியில் ஏறும் நாளும் உண்டு, இறங்கும் நாளும் உண்டு. ஆபத்து எப்போது என்றால், நீங்கள் ஒரு சிக்னல் சேர்க்கும்போது. “இன்று கடைசி நேரத்தில் பலமாக ஏறிய 20 பங்குகளை க்ளோஸில் வாங்கு, காலையில் விற்று வெளியேறு” என்று ஒரு விதியை எழுதிப் பாருங்கள். பேக்டெஸ்டில் தினமும் லாபம் கொட்டும். அந்த லாபம் 503-க்கும் 506-க்கும் உள்ள இடைவெளி, வேறொன்றுமில்லை. 3:29-க்கு உங்களுக்கு 503-ல் யாரும் விற்கப் போவதில்லை.

“போஸ்ட்-க்ளோஸ் நேரத்தில் க்ளோஸ் விலையில் வாங்கலாமே” என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். 3:40 முதல் 4:00 வரை அந்த வசதி இருக்கிறது, சரிதான். ஆனால் கடைசி விலை 506 என்று ஊருக்கே தெரிந்த பிறகு 503-க்கு விற்க எவர் வருவார்? விலை இறங்கிய நாட்களில் மட்டும் தாராளமாகக் கிடைக்கும், அதாவது கடைசி விலை 497 ஆக இருக்கும்போது 500-க்கு உங்கள் தலையில் கட்டுவார்கள். பேக்டெஸ்டில் நல்ல நாள் கெட்ட நாள் இரண்டும் நிறைவேறும், நிஜத்தில் கெட்ட நாள் மட்டும்தான்.

கண்டுபிடிக்க வழி எளிது. அதே பரிசோதனையை `ClsPric`-க்குப் பதில் `LastPric` வைத்து மறுபடி ஓட்டுங்கள். லாபம் பாதிக்கு மேல் காணாமல் போனால் நீங்கள் அளந்தது இரவை அல்ல, மாலை 3 முதல் 3:30-ஐ. நிமிடத் தரவு கையில் இருந்தால் 3:25 விலையில் வாங்குவதாக வைப்பது இன்னும் நல்லது. முடிவு விலையை ஏலம் மூலம் தீர்மானிக்கும் திட்டத்தை செபி 2025-ல் முன்வைத்தது, ஆகவே எந்தத் தேதியின் தரவு எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தொடக்க விலையிலும் இதே மாதிரிப் பிரச்சினை உண்டா?

உண்டு, வேறு வடிவத்தில். தொடக்க விலையில் ஒரு பிழை இருந்தால் அது இரண்டு பக்கமும் எதிரெதிராகப் பதியும். உண்மையான மதிப்பு 500, ஆனால் நாலு பேர் போட்ட அவசர ஆர்டரால் முதல் வர்த்தகம் 504-ல் நடந்தது என்றால் இரவு 0.8% கூடும், பகல் அதே அளவு குறையும். வர்த்தகம் குறைந்த சிறு பங்குகளில் இது தினசரிச் சங்கதி. அதனால் “இரவில் அதிகம் ஏறியதைப் பகலில் ஷார்ட் செய், இறங்கியதை வாங்கு” என்ற உத்தி காகிதத்தில் எப்போதும் ஜெயிக்கும்.

அதில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. தொடக்க விலை தெரிந்த பிறகுதான் சிக்னலே பிறக்கிறது, ஆனால் அதே விலையில் வாங்கியதாகக் கணக்கு. என்.எஸ்.இ. ப்ரீ-ஓப்பனில் ஆர்டர் போடும் நேரம் 9:08-க்குள் முடிந்துவிடும். விலை முடிவானதைப் பார்த்துவிட்டு அதே விலையில் நுழைய வழியில்லை.

லூ, போக், ஸ்கூராஸ் மூவரும் 2019-ல் வெளியான ஆய்வில் அமெரிக்கப் பங்குகளுக்கு முதல் அரை மணியின் வால்யூம் எடைச் சராசரியையே தொடக்க விலையாக எடுத்தார்கள். நீங்களும் 9:15 முதல் 9:30 வரையிலான சராசரியை எடுத்துப் பாருங்கள். கால் மணி நேரம் தள்ளி வைத்ததும் செத்துப்போகும் உத்தி, முதலிலேயே உயிரோடு இருந்ததில்லை.

செலவு எவ்வளவு ஆகும்? தினமும் மாலை வாங்கிக் காலையில் விற்றால்?

தனிப் பங்கில் இது இன்ட்ராடே இல்லை, டெலிவரி. இதை மறந்துவிடுகிறார்கள். பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்.டி.டி. வாங்கும்போது 0.1%, விற்கும்போது 0.1%. முத்திரைத் தீர்வை வாங்கும்போது 0.015%. ஒரு லட்ச ரூபாய்க்கு ஓர் இரவுக்கு 215 ரூபாய். ஆண்டுக்குச் சுமார் 248 வர்த்தக நாட்கள் என்றால் 53,000 ரூபாய்க்கு மேல். இதற்கு மேல்தான் எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜி.எஸ்.டி., டீமேட் கணக்கிலிருந்து விற்கும்போது வரும் டி.பி. கட்டணம், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி எல்லாம்.

எதிர்பார்க்கும் வரவு எவ்வளவு? சந்தை ஆண்டுக்கு 12% ஏறுகிறது, அது முழுவதும் இரவில்தான் வருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஓர் இரவுக்கு 0.045%. செலவு அதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு.

நிஃப்டி இ.டி.எஃப். அல்லது ஃப்யூச்சர்ஸ் எடுத்தால் செலவு குறையுமே?

குறையும். இ.டி.எஃப்.புக்கு எஸ்.டி.டி. விற்கும்போது 0.001% மட்டும். முத்திரைத் தீர்வை 0.015% அப்படியே இருக்கும். எக்ஸ்சேஞ்ச் கட்டணம் இரு பக்கமும் சேர்த்து 0.007% அளவில் வரும். வாங்கல்-விற்பனை இடைவெளி 0.03% என்று வைத்தால், பெரிய தொகைக்கே 0.05% தாண்டுகிறது. சிறு தொகைக்கு டி.பி. கட்டணம் நிலையான ரூபாய் என்பதால் சதவீதம் இன்னும் கூடும். 0.045% வரவுக்கு 0.05% செலவு.

ஃப்யூச்சர்ஸில் 2024 அக்டோபர் 1 முதல் விற்பனைக்கு எஸ்.டி.டி. 0.02% ஆனது, அதற்கு முன் 0.0125%. இந்த விகிதம் பட்ஜெட்டில் அவ்வப்போது மாறும், ஆகவே ஒவ்வொரு காலத்துக்கும் அன்றைய விகிதத்தையே புரோகிராமில் போடுங்கள். 2024 அக்டோபரில் வந்த அந்த 0.02%-ஐ வைத்து, முத்திரைத் தீர்வை 0.002%, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், இரண்டு பக்கமும் ஒரு புள்ளி வழுக்கல் என்று சேர்த்தால் 0.035% அளவில் நிற்கும். 0.045%-ஐ விடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் ஃப்யூச்சர்ஸ் விலையில் வட்டி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஸ்பாட்டுக்கு மேல் இருக்கும் அந்தப் பிரீமியம், ஒப்பந்தம் முடியும் நாளான எக்ஸ்பைரி வரை கரைந்துகொண்டே வரும். ஸ்பாட் 12% தந்து வட்டி 6.5% என்றால் ஃப்யூச்சர்ஸ் தருவது சுமார் 5.5%, ஓர் இரவுக்கு 0.022%. வெளியே வைத்திருக்கும் பணத்துக்கு வட்டி தனியாகக் கிடைக்கும், அது உண்மை. ஆனால் அந்த வட்டி இந்த உத்தி இல்லாமலும் கிடைக்கும்.

ஸ்பாட் நிஃப்டியின் `Open`, `Close`-ஐ வைத்துப் பரிசோதித்துவிட்டு ஃப்யூச்சர்ஸ் செலவை மட்டும் கழிப்பது இதனால்தான் செல்லாது. ஃப்யூச்சர்ஸில் வர்த்தகம் செய்வதாக இருந்தால் ஃப்யூச்சர்ஸ் விலையிலேயே பரிசோதியுங்கள், முடியும் ஒப்பந்தத்திலிருந்து அடுத்ததுக்கு ரோல் ஆகும் நாளில் இரண்டு ஒப்பந்தங்களின் விலையைக் கலக்காமல்.

பகல் ரிட்டர்ன் மைனஸ் என்றால், பகலில் ஷார்ட் செய்தால் என்ன?

தனிப் பங்கில் இன்ட்ராடே ஷார்ட்டுக்கு எஸ்.டி.டி. 0.025%, முத்திரை 0.003%. டெலிவரியோடு ஒப்பிட்டால் மலிவு. ஆனால் பகல் சராசரி −0.02%, −0.03% என்ற அளவில் இருந்தால் அதைப் பிடிக்க 0.028% கட்டுகிறீர்கள். கூடவே, பங்கு அன்றைய விலை உச்சவரம்பான அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் 3:30-க்குள் திருப்பி வாங்க முடியாது, ஏலத்துக்குப் போகும். பேக்டெஸ்டில் அந்த நாள் “க்ளோஸில் வெளியேறியாச்சு” என்று பதிவாகியிருக்கும். முடிவு விலையும் அன்றைய உச்ச விலையும் சர்க்யூட் விலையும் ஒன்றாக இருக்கும் நாட்களைத் தனியே எடுத்து, மறுநாள் தொடக்கத்தில்தான் வெளியேற முடிந்தது என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

எத்தனை ஆண்டுத் தரவு இருந்தால் நம்பலாம்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். இரவுச் சராசரி 0.045%, நியம விலகல் 0.6% என்று வையுங்கள். சராசரி பூச்சியம் இல்லை என்று சொல்ல வழக்கமான அளவுகோலான டி-மதிப்பு 2 வேண்டும். அதற்கு (2 × 0.6 ÷ 0.045)² ≈ 711 இரவுகள், கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள்.

ஆனால் நீங்கள் சொல்ல வருவது “இரவு லாபம்” என்பதல்ல, “பகலைவிட இரவு மேல்” என்பது. பகலின் நியம விலகல் 0.8% என்றால் இரண்டின் வித்தியாசத்தின் விலகல் 1%. அதே கணக்கில் சுமார் 1,975 நாட்கள், எட்டு ஆண்டுகள். ஒரே ஓர் உத்தியைத்தான் பார்த்தீர்கள் என்றால் இது. வெள்ளி இரவு மட்டும், எக்ஸ்பைரி இரவு மட்டும், ஃபெட் கூட்டத்துக்கு முந்தைய இரவு மட்டும் என்று முப்பது வகை பார்த்துவிட்டு நல்லதைப் பொறுக்கினால் டி-மதிப்பு 2-க்கு அர்த்தம் இல்லை.

நான் எப்போதும் செய்யும் இன்னொரு சோதனை: மிகப்பெரிய ஐந்து இரவுகளையும் மிக மோசமான ஐந்து இரவுகளையும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுவது. 2020 மார்ச் 23 மாதிரியான நாட்கள் இருக்கின்றன. நிஃப்டி 8,745-லிருந்து சுமார் 7,946-ல் திறந்தது, ஒரே இரவில் 9 சதவீதம் போனது. ஸ்டாப்-லாஸ் வைத்திருந்தாலும் இரவில் அதற்கு வேலையில்லை. திறக்கும் விலையில்தான் அது தூண்டப்படும். பேக்டெஸ்டில் “2% நஷ்டத்தில் வெளியேறு” என்று எழுதி இரவு உத்தியில் அது அப்படியே நிறைவேறியிருந்தால், புரோகிராமில் பிழை.

இதையே ஒரு ஃபண்டாக நடத்தினால் செலவு குறைந்து வேலை செய்யாதா?

அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள். 2022 ஜூனில் நைட்ஷேர்ஸ் என்ற பெயரில் `NSPY`, `NIWM` என இரண்டு இ.டி.எஃப்.கள் வந்தன. ஒன்று பெரிய நிறுவனப் பங்குகளின் இரவு ரிட்டர்னுக்கு, மற்றது சிறு நிறுவனங்களுக்கு. அங்கே எஸ்.டி.டி. மாதிரி வரி கிடையாது, இண்டெக்ஸ் ஃப்யூச்சர்ஸ் மிக மலிவு, நடத்தியவர்களும் தொழில் தெரிந்தவர்கள். 2023-ல் இரண்டையும் மூடிவிட்டார்கள்.